இரண்டு வார இடைவெளியில் இரண்டு மாரத்தான்: ஓடியவர்களின் அனுபவப் பகிர்வு

திருவான்மியூர் உறுப்பினர்:

2025 ஜனவரி 5ஆம் தேதி சென்னை மாரத்தானும் 19ஆம் தேதி மும்பை மாரத்தானும் நடைபெற்றன. இரண்டிலும் முழு தூரத்தை ஓடினேன். சென்னை ஓட்டக்காரர்கள் பலருக்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆசை வருவதால், இடைப்பட்ட நாட்களை எப்படிக் கழித்தேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

என் பயிற்சியை வைத்துப் பார்த்தால் நான்கு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய நிலையில் இருந்தேன். அதாவது கிலோமீட்டருக்கு 5:40 என்ற வேகம். ஆனால் என் இலக்கு மும்பைதான் என்பதை நவம்பரிலேயே தீர்மானித்துவிட்டேன். எனவே சென்னையில் தொடக்கம் முதல் இறுதி வரை 6:10 வேகத்தைத் தாண்டாமல் ஓடி, 4:20இல் முடித்தேன். முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பில் தெம்பு மிச்சமிருந்தபோதும், உடன் ஓடியவர்கள் முந்திச் சென்றபோதும், வேகத்தைக் கூட்டாமல் இருந்ததே இந்த இரண்டு வாரங்களிலும் நான் செய்த மிகக் கடினமான காரியம்.

திங்கள் முதல் புதன் வரை நடை மட்டுமே. வியாழனன்று நீச்சல் குளத்தில் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக 5 கிலோமீட்டர் ஓடினேன், அதுவும் 7:15 வேகத்தில். வழக்கமாக அந்த வேகத்தில் என் இதயத் துடிப்பு 128 அளவில் இருக்கும். அன்று 139ஐத் தொட்டது. எனவே சனிக்கிழமை மீண்டும் ஓய்வு எடுத்துக்கொண்டு, ஞாயிறன்று 12 கிலோமீட்டர் மெதுவாக ஓடினேன். அப்போது துடிப்பு 130க்குத் திரும்பியிருந்தது. பொங்கலன்று 8 கிலோமீட்டர், அதில் நடுவே 3 கிலோமீட்டர் மட்டும் மும்பைக்குரிய வேகத்தில். வியாழனன்று 5 கிலோமீட்டரும், முடிவில் இருபது விநாடிகள் நீளும் சில விரைவோட்டங்களும். அவ்வளவுதான் மொத்தப் பயிற்சி.

மும்பையில் 4:06 வந்தது. மூச்சு இறுதி வரை சீராக இருந்தது. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரை ஒட்டி வரும் பெடர் சாலை ஏற்றத்தையும் சமாளித்துவிட்டேன். ஆனால் அதன் மறுபக்கத்து இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசைகள் ஒவ்வோர் அடியிலும் நடுங்கின. அங்கே இழந்த வேகத்தை அதன் பிறகு மீட்க முடியவில்லை. ஏறும்போது இல்லாத சிரமம் இறங்கும்போது ஏன் வந்தது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கோவை உறுப்பினர்:

சகோதரி, நீங்கள் உணவில் கவனம் செலுத்தியிருந்தால் அந்த இறக்கத்திலும் சிரமப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் கருத்து. மாரத்தானில் தீர்ந்துபோவது தசையில் சேமித்த கிளைகோஜன்தான். இரண்டு மூன்று நாட்கள் சோறு, இட்லி, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று மாவுச்சத்தை நிறைவாகச் சாப்பிட்டால் அது மறுபடி நிரம்பிவிடும். எனவே ஒரு வாரத்திலேயே உடல் அடுத்த ஓட்டத்திற்குத் தயாராகிவிடும். ஜப்பானின் யூகி கவாவுச்சி 2013 டிசம்பரில் ஃபுகுவோகாவில் 2:09:05 ஓடி, சரியாக இரண்டு வாரம் கழித்து ஹோஃபுவில் 2:09:15 ஓடினார். இரண்டுக்கும் வெறும் பத்து விநாடிதான் வேறுபாடு. இடைவெளியைக் கண்டு நாம்தான் தேவையில்லாமல் அஞ்சுகிறோம்.

தாம்பரம் பயிற்சியாளர்:

கோவை நண்பர் கூறியதில் பாதி சரி. கிளைகோஜன் சில நாட்களில் நிரம்பும் என்பது உண்மைதான்; ஆனால் சிதைந்த தசை நார்கள் அதை நிதானமாகவே சேமிக்கும் என்பதால், மாரத்தானுக்குப் பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலான நாட்கள் பிடிக்கும். அதைவிட முக்கியமானது, சேமிப்பு நிரம்பிய பிறகும் தசையின் வலு திரும்பியிருக்காது. உடல்வலி நான்கைந்து நாட்களில் போய்விடுவதால் தசையும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே நார்களைச் சீரமைக்கும் வேலை வலி நின்ற பிறகும் வாரக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும்.

சகோதரியின் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டும். நார்களை அதிகமாகச் சிதைப்பது இந்த இரண்டாவது வேலைதான். முன்பே சிதைந்த தசை முதலில் தோற்பதும் இதில்தான். எனவே ஓட்டத்திற்குத் தயாரா என்று அறிய நான் என் மாணவர்களிடம் சொல்வது, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் மெதுவாக இறங்கிப் பாருங்கள் என்பதே. ஏறுவதைப் பொருட்படுத்த வேண்டாம். இறங்கும்போது முழங்காலுக்கு மேலே தளர்ச்சியோ நடுக்கமோ இருந்தால், கைக்கடிகாரம் எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டினாலும் அன்று வேகமாக ஓடக் கூடாது.

இரண்டு வார இடைவெளியில் புதிதாக எந்த உடற்திறனையும் சேர்க்க முடியாது. அதே சமயம், இரண்டு வாரம் குறைவாக ஓடுவதால் சேர்த்த திறன் பெரிதாகக் குறைந்துவிடவும் செய்யாது. அந்த நாட்களில் செய்ய வேண்டியது ஆறுவது ஒன்றுதான். சகோதரி அதைச் சரியாகவே செய்திருக்கிறார். பொங்கலன்று மும்பை வேகத்தில் ஓடிய அந்த 3 கிலோமீட்டரையும் நானாக இருந்தால் பாதியாகக் குறைத்திருப்பேன். அது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம்.

கவாவுச்சியைப் பற்றி ஒரு சொல். அவர் ஆண்டுக்குப் பல மாரத்தான்களை ஓடி, போட்டியையே பயிற்சியாகக் கொண்டவர். பல ஆண்டுகளாகப் பழகிய அந்த உடலை அளவுகோலாக வைத்து, ஆண்டுக்கு ஒரு மாரத்தான் ஓடுபவர் திட்டமிடக் கூடாது.

வலி மாத்திரை குறித்தும் எச்சரிக்கிறேன். ஓட்டத்தன்றும் அதற்கு அடுத்த நாளும் உடலில் நீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்திற்குச் சுமையாகும். ஓட்டத்திற்குப் பிறகு சிறுநீர் கோலா பானம் போலக் கறுத்துப் போனால் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மதுரை உறுப்பினர்:

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். சென்னையில் அரை மாரத்தானும் மும்பையில் முழு மாரத்தானும் ஓட எண்ணியுள்ளேன். எனக்கும் முதல் வாரம் முழுவதும் நடை மட்டும்தானா?

தாம்பரம் பயிற்சியாளர்:

உங்கள் கேள்வி வேறு, நண்பரே. அரை மாரத்தானை முழு வேகத்தில் ஓடினாலும் பெரும்பாலோருக்கு நான்கைந்து நாட்களில் கால்கள் சீராகிவிடும். அதை மும்பைக்கான கடைசிக் கடினப் பயிற்சியாக எண்ணிக்கொண்டு, பிறகு வழக்கம்போலத் தூரத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

டொராண்டோ உறுப்பினர்:

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், டொராண்டோவில் வசிக்கிறேன். 2023இல் அக்டோபர் 8ஆம் தேதி சிகாகோவும் நவம்பர் 5ஆம் தேதி நியூயார்க்கும் ஓடினேன். இடைவெளி நான்கு வாரம். சகோதரி தேர்ந்ததற்கு நேர்மாறாக நான் முதல் ஓட்டத்திலேயே முழு முயற்சியையும் செலவிட்டேன். சிகாகோ சமதளம், காலநிலையும் குளிர்ச்சி. அங்கே 3:38 வந்தது. நியூயார்க்கோ வெரசானோ பாலத்தில் ஏறித் தொடங்கி, பாலம் பாலமாக ஏறி இறங்கும் பாதை. அங்கே நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் 4:05இல் முடித்தேன்.

நான்கு வாரம் என்பதால் நடுவில் ஒரு நீண்ட ஓட்டத்திற்கு இடம் கிடைத்தது. முதல் வாரம் ஏறக்குறைய முழு ஓய்வு. இரண்டாம் வாரம் மெதுவான சிறு ஓட்டங்கள். மூன்றாம் வாரத்தின் தொடக்கத்தில் 24 கிலோமீட்டர், அதுவும் பேச்சு தடைபடாத வேகத்தில். அதன் பிறகு மீண்டும் குறைத்துவிட்டேன். என்னுடன் பயிற்சி செய்யும் ஒருவர் இரண்டாம் வாரத்திலேயே, விட்டுப்போன பயிற்சியை ஈடுகட்டுவதாக நினைத்து மைதானத்தில் 800 மீட்டர் விரைவோட்டங்களை ஓடினார். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு நியூயார்க் வரிசையில் நிற்கவே முடியாமல் போனது.

முதல் ஓட்டத்தில் முயற்சியைச் செலவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுப் பயிற்சியின் பலனும் புதிய காலும் அன்றைக்கு மட்டுமே உறுதியாகக் கையில் இருக்கின்றன. இரண்டாவது ஓட்டம் வருவதற்குள் சளி, காய்ச்சல், பயணக் களைப்பு என்று எதுவும் குறுக்கிடலாம்.

திருவான்மியூர் உறுப்பினர்:

அண்ணா, உங்கள் வாதம் நியாயமானது. ஆனால் ஜனவரியிலும் சென்னையின் ஈரப்பதம் குறைவதில்லை; விடிந்த பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வெயிலும் சேர்ந்துகொள்ளும். என் சிறந்த நேரத்தை அங்கே தேடுவதில் பொருளில்லை என்று கருதினேன். மும்பையும் குளிர்ந்த ஊர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பயணம் குறித்து நீங்கள் கூறியது முற்றிலும் உண்மை. மும்பையில் ஓட்ட எண்ணை முந்தைய நாட்களில் நேரில் சென்று பெற வேண்டும். சனிக்கிழமை சென்றால் வரிசை, கண்காட்சி, போக்குவரத்து நெரிசல் என்று பாதி நாள் நின்றே கழிந்துவிடும். நான் வெள்ளிக்கிழமையே சென்று பெற்றுக்கொண்டு, சனிக்கிழமையைக் கட்டிலில் கழித்தேன்.

உணவைப் பற்றிக் கோவை அண்ணா சொன்னதையும் நான் மறுக்கவில்லை. ஓட்டம் குறைந்துவிட்டது, எனவே சாப்பாட்டையும் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களை எங்கள் குழுவில் நிறையப் பார்க்கிறேன். ஆறும் நாட்களில் பருப்பும் முட்டையும் சோறும் குறையக் கூடாது. பொங்கல் நடுவில் வந்தது எனக்கு உதவியாகவே இருந்தது.

கோவை உறுப்பினர்:

பயிற்சியாளர் ஐயா சொன்ன படி இறங்கும் சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். சென்ற ஞாயிறு 35 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். வலி சுத்தமாக இல்லை. இருந்தும் இரண்டாவது மாடியிலிருந்து இறங்கும்போது இடது தொடை லேசாக உதறியது. ஆயினும் ஒரு வாரம் போதும் என்ற என் கருத்தை நான் முழுவதுமாகக் கைவிடவில்லை. முதல் ஓட்டத்தை மிக மெதுவாக ஓடியவர்களுக்கு அது பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

திருச்சி உறுப்பினர்:

என் நிலைமை சற்று அவசரமானது. ஒன்பது நாட்களுக்கு முன் ஒரு மாரத்தான் முடித்தேன். அடுத்தது இன்னும் பன்னிரண்டு நாட்களில். தொடை வலி முற்றிலும் போய்விட்டது. ஆனால் வலது கால் முன்னெலும்பின் உட்புறத்தில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் வலிக்கிறது. பணம் கட்டியாகிவிட்டது, விமானச் சீட்டும் எடுத்தாகிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு ஓடலாமா?

தாம்பரம் பயிற்சியாளர்:

மாரத்தான் களைப்பால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும், பரவலாக இருக்கும், ஓட ஓடக் குறையும். ஒரே காலில், ஓரிடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வேறு வகை. முன்னெலும்பின் மீது ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்திற்குப் பரவலாக நோகிறதென்றால் எலும்பை ஒட்டிய திசுவின் அழற்சியாக இருக்கக்கூடும். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்தால், எலும்பில் நுண்முறிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கம் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஓடிவிடாதீர்கள். எம்ஆர்ஐ தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை நீச்சல் மட்டும் போதும், அதிலும் சுவரைக் காலால் உதைத்துத் திரும்ப வேண்டாம்.

திருச்சி உறுப்பினர்:

அழுத்திப் பார்த்தேன், ஐயா. ஓரிடத்தில்தான் வலிக்கிறது. நாளை காலை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் சொல்வதை இங்கேயே எழுதுகிறேன்.