30 நாள் என்பது எந்த நாளிலிருந்து?

வெண்ணாற்றங்கரை: "30 நாளில் பழகாவிட்டால் லென்ஸை மாற்றித் தருவோம்" என்று சொல்லித்தான் தஞ்சாவூர் கடையில், தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் கோடில்லாமல் தெரியும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டார்கள். கண்ணாடி கைக்கு வரவே இரண்டு வாரம். பேப்பர் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. இப்போது போனால், பில் தேதியிலிருந்து கெடு முடிந்துவிட்டதாம். கண்ணாடிக் கடை எல்லாமே ஏமாற்று.

ஃபிட்டர்_அண்ணன்: எல்லாக் கடையையும் சேர்த்துத் திட்டாதீர்கள் தம்பி. பில்லின் பின்பக்கம் 'பில் தேதி' என்று போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பணம் கட்டும் முன்பே படித்திருக்க வேண்டும். மாற்றித் தருவது என்றாலும் பெரும்பாலும் பைஃபோகலோ படிக்கும் லென்ஸோதான். விலை வித்தியாசம் திரும்ப வராது.

வெண்ணாற்றங்கரை: போடாத கண்ணாடிக்கு எப்படி அண்ணே பழகுவது? கையில் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு.

குடந்தை_அக்கா: எனக்கும் இதே கதை. ஒரு வருஷ கீறல் வாரண்டி என்றார்கள். அறுப்பு நேரத்துத் தூசியை முந்தானையால் துடைத்தேன், கோடு கோடாக விழுந்தது. கோட்டிங் தானாக உரிந்தால்தான் மாற்றுவார்களாம்.

ஃபிட்டர்_அண்ணன்: அக்கா, அது வேறு கதை. உலர்ந்த தூசியோடு தேய்த்தால் எந்தக் கோட்டிங்கும் தாங்காது. தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்க வேண்டும்.

குடந்தை_அக்கா: விற்கும்போது அதைச் சொன்னார்களா?

ஃபிட்டர்_அண்ணன்: தம்பி, மோவாயைத் தூக்கினால்தான் எழுத்து தெரிகிறது என்றால் லென்ஸ் கீழே உட்கார்ந்திருக்கிறது. வேர்வையில் ஃபிரேம் வழுக்குகிறதா பாருங்கள். அப்படியென்றால் மூக்குப் பேடைச் சரிசெய்தாலே தீரலாம். இல்லையென்றால் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மங்கலான குறிகள் தெரியும். அவற்றை மார்க்கரால் புள்ளி வைத்து, கம்பெனி சார்ட்டில் வைத்துச் சிலுவைக் குறியைப் போடச் சொல்லுங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகப் பார்க்கும்போது சிலுவை கருவிழி நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் கடைக்காரர் உயரத்தைத் தப்பாக அளந்திருக்கிறார். அது பழக்கம் சம்பந்தப்பட்டதே இல்லை. 30 நாளை விட்டுவிட்டு அளவுத் தப்பு என்று கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை: 30 நாளை ஏன் விட வேண்டும்? டெலிவரி தேதிதான் கணக்கு.

திருவாரூர்_வாசி: நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். வாயால் சொன்னாலே போதும், கடைக்காரர் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஃபிட்டர்_அண்ணன்: வாயால் சொன்னதை எதை வைத்து நிரூபிப்பார்? எழுத்தில் இருக்க வேண்டும்.

திருவாரூர்_வாசி: ஃபிரேம் துருப்பிடித்தது என்று நான் இங்கே பதிவு போட்டபோதும் கடைக்காரர் பக்கம்தான் பேசினீர்கள். மறக்கவில்லை.

ஃபிட்டர்_அண்ணன்: கடற்கரைப் பக்கம் துரு பிடிக்கத்தான் செய்யும் சார். தம்பி, பில்லின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள்.

வெண்ணாற்றங்கரை: மை மங்கிவிட்டது. வாரண்டி கார்டில் தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது.

ஃபிட்டர்_அண்ணன்: வாங்கும்போதே நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை: அவர்கள் நிரப்பியிருக்க வேண்டும். டெலிவரி தேதியைப் போட்டு.