வீடியோ இண்டர்வியூ நடுவில் தடுமாறியது, இந்த மெயிலைப் பார்த்துச் சொல்லுங்களேன்

எச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் உதவுங்கள். நேற்று டெக்னிக்கல் ரவுண்டில் ஸ்கிரீன் ஷேர் போட்டதும் என் குரல் விட்டுவிட்டுப் போனது. அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசியதுதான் போய்ச் சேரவில்லை. ஆக, டவுன்லோடு நன்றாக இருந்து அப்லோடு மட்டும் திணறியிருக்கிறது. கேமராவும் ஸ்கிரீனும் ஒரே நேரத்தில் போகும்போது வைஃபை சுமாராக இருந்தால் இப்படி ஆவதுண்டு.

அனுப்ப எழுதி வைத்திருப்பது:

“வணக்கம் மேடம். நேற்றைய ரவுண்டில் டேட்டாபேஸ் கேள்வியிலிருந்து கடைசி 15 நிமிடம் என் பதில் உங்களுக்கு முழுதாகக் கேட்கவில்லை. அதற்கு முன் சிக்கல் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் நடத்த முடியுமா? கேள்விகளை மாற்றிக் கேட்டாலும் சரி. இம்முறை லேப்டாப்பை ரூட்டருடன் கேபிளில் இணைத்துவிடுவேன், மொபைல் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கும். புதன், வியாழன் காலை 10 முதல் 1 வரை எப்போதும் வசதி.”

ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் சேர்க்கவில்லை. இன்று எடுப்பது நேற்றைய நிலையைக் காட்டாது, சாக்குப்போக்கு மாதிரியும் தெரியும். ஒரே சந்தேகம்: ரெக்ரூட்டருக்கு மட்டும் அனுப்பினால் போதுமா, கேள்வி கேட்டவரையும் சிசியில் போடலாமா?