பின்கட்டுப் பப்பாளி: எதை வெட்டுவது?

வசந்தி: அண்ணா, கொத்தனார் திங்கள்கிழமை காலை வருகிறார். பின்சுவரை உயர்த்த வேண்டுமென்றால் மூன்று பப்பாளியில் இரண்டை எடுத்துத் தர வேண்டுமாம். ஒன்று சுவரை ஒட்டி நிற்கிறது, இன்னொன்று மணல் கொட்டும் இடத்தில் நிற்கிறது.

ராமு: காய்க்காத இரண்டையும் எடுத்துவிடு. இதற்கு எதற்குக் குழுவில் கேள்வி?

சுந்தரி: இருங்கள். பூவைப் பார்க்காமல் எதிலும் கத்தி வைக்காதீர்கள். வசந்தி, மூன்று மரத்தின் பூவையும் படம் எடுத்துப் போடு.

பாலு: கொய்யா மரத்துக்கும் இதே குழுவில் "இருங்கள்" என்றோம். நாம் படித்து முடிப்பதற்குள் அது விறகாகிவிட்டது 😄

ராமு: அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கவின்: [படம்] [படம்] [படம்]
1 சுவர் ஓரம். 2 கிணற்றடி. 3 துவைக்கிற கல் பக்கம்.

பாலு: 1 ஆண். நீளமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது பார். மற்ற இரண்டும் பெண். 2 காய்த்திருக்கிறது, 3 மலட்டு மரம். அண்ணன் சொன்னதுதான் சரி, 1, 3 இரண்டையும் எடுத்துவிடலாம்.

ராமு: 👍

சுந்தரி: முதல் மரத்தைப் பற்றி பாலு சொன்னது சரி. காம்பு முழம் நீளம், அதில் கிளை பிரிந்து சின்னச் சின்னக் குழாய்ப் பூக்கள், எதிலும் பிஞ்சு இல்லை. சந்தேகமே இல்லாத ஆண் மரம். ஆனால் நீளக் காம்பு இல்லாதது எல்லாம் பெண் என்று எடுத்துக்கொண்டாயே, அங்கேதான் தவறு. பப்பாளியில் மூன்று வகை உண்டு. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கிற இருபால் மரம் மூன்றாவது. அதன் காம்பும் குட்டைதான்.

வசந்தி: அக்கா, சுருக்கமாகச் சொல்லுங்கள். 3ஐ வெட்டலாமா கூடாதா?

சுந்தரி: இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கவின் மேலிருந்து எடுத்திருக்கிறான். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பப்பாளிப் பூவும் வெள்ளையாக ஐந்து இதழோடுதான் தெரியும். கவின், விரியப் போகிற பெரிய மொட்டு ஒன்றைப் பக்கவாட்டில் எடு. அப்புறம் ஒரு பூவைப் பறித்து, முன்பக்கத்து இரண்டு இதழை நீக்கிவிட்டு உள்ளே தெரிகிற மாதிரி எடு. 2, 3 இரண்டிலும் இதைச் செய். பால் கையில் படும், கண்ணைத் தொடாதே.

கவின்: சரி பெரியம்மா

கணேசன் மாமா: சுந்தரி, என் மாடியில் ஒரு பப்பாளி நிற்கிறதே, பெரிய தொட்டியில் வைத்தது. பூ நிறைய வருகிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது. ஒரு ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள். அடிக்கட்டுமா?

பாலு: மாமா, இங்கே சுவர் பஞ்சாயத்து போய்க்கொண்டிருக்கிறது 🙏

சுந்தரி: ஆணி வேண்டாம் மாமா. உங்கள் பூவையும் ஒன்று பிரித்துப் படம் போடுங்கள்.

ராமு: ஆணி அடித்து ஆண் மரம் காய்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சுந்தரி: காய்த்திருக்கும் அண்ணா, ஆனால் ஆணியால் இல்லை. ஆண் மரமும் இருபால் மரமும் வெயில், குளிருக்கு ஏற்ப பூவை மாற்றிக்கொள்ளும். சில ஆண் மரங்கள் பருவம் மாறும்போது அந்த நீளக் காம்பின் நுனியில் இரண்டு மூன்று காய் பிடிக்கும், தொங்கிக்கொண்டு. அந்த நேரம் யாராவது ஆணி அடித்திருந்தால் பெயர் ஆணிக்குப் போய்விடும். பெண் மரம் மட்டும் மாறவே மாறாது, எந்தக் காலத்திலும் பெண்தான்.

வசந்தி: சுவருக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் இதோடு பேசிவிடலாம். போன தடவை ஓடு மாற்றியபோது மாதிரி ஆகக் கூடாது.

ராமு: அதைத் தனியாகப் பேசலாம்.

பாலு: எல்லாமே தனியாகத்தான்.

கவின்: [படம்] [படம்] இது 2
[படம்] [படம்] இது 3

சுந்தரி: அருமையாக எடுத்திருக்கிறாய். எல்லோரும் 2இன் மொட்டைப் பாருங்கள். அடி பருத்து நுனி கூராகப் போகிறது. பிரித்த பூவில் இதழ்கள் அடிவரைக்கும் தனித்தனியாக வந்துவிட்டன. நடுவில் உருண்டையாகப் பச்சை வெள்ளையில் ஒரு பிஞ்சு, அதன் தலையில் சேவல் கொண்டை போலச் சுருள் சுருளாக ஐந்து பிரிவு. மஞ்சளாக எதுவுமே இல்லை. மகரந்தம் இல்லாத சுத்தமான பெண் பூ. காயும் உருண்டையாக இருக்கிறது, பொருந்துகிறது.

சுந்தரி: இப்போது 3. மொட்டு அடியில் பருக்கவில்லை, நீளவாக்கில் ஒரே தடிமனாக இருந்து மேல்பாதியில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. இதழ்களின் கீழ்ப்பகுதி ஒட்டிக் குழாயாக இருக்கிறது. கவின் நீக்கும்போது கிழித்திருக்கிறான், விளிம்பைப் பாருங்கள். குழாயின் வாயைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருக்கிறதே, அவை மகரந்தப் பைகள். இது இருபால் மரம்.

பாலு: அப்படியென்றால் தானே காய்க்க வேண்டுமே. ஏன் காய்க்கவில்லை?

சுந்தரி: நல்ல கேள்வி. அதே படத்தில் நடுவில் இருக்கிற பிஞ்சைப் பெரிதாக்கிப் பார். இருபால் பூவில் அது விரல் மாதிரி நீளமாக, சதைப்பிடிப்பாக இருக்க வேண்டும். இதில் ஈர்க்குச்சி அளவுக்கு ஒல்லியாக இருக்கிறது, தலையில் பிரிவும் இல்லை. கடும் வெயிலில் இருபால் மரம் இப்படிச் செய்யும். பெண் பாகத்தைச் சுருக்கிவிட்டு ஆண் பூவாக மட்டும் பூத்துக் கொட்டும். தண்ணீர் குறைந்தாலும் இதே நிலைதான். வசந்தி, துவைக்கிற கல் பக்கம் இப்போது தண்ணீர் போகிறதா?

வசந்தி: மெஷின் வந்த பிறகு அங்கே யார் துவைக்கிறார்கள் அக்கா. தண்ணீரே போவதில்லை.

சுந்தரி: அதுவும் சேர்ந்திருக்கிறது. கவின், 3இன் தண்டு முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம். கீழே இருந்து மேலே.

ராமு: மணல் லாரி திங்கள் ஏழு மணிக்கு. நான் சொல்லிவிட்டேன்.

பாலு: பார்த்தாயா வசந்தி. முதலில் லாரி, அப்புறம் கேள்வி.

கவின்: [படம்]

சுந்தரி: இந்தப் படத்துக்காகத்தான் கேட்டேன். பப்பாளி கீழிருந்து மேலாகக் கணுக் கணுவாகப் பூக்கும். அதனால் தண்டைக் கீழிருந்து படித்தால் மரத்தின் கதை வந்துவிடும். இடுப்பு உயரத்தில் இலைத் தழும்புக்கு மேலே ஒரு சின்ன நீளக் காய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடது பக்கம், நிழலில். அதற்குப் பக்கத்தில் காய் பறித்த காம்புத் தழும்பு இரண்டு. அதற்கு மேலே ஒரு முழத்துக்கு வெறும் தண்டு. அதற்கும் மேலே இப்போதைய பூ. ஆக, வெயில் ஏறுவதற்கு முன் காய்த்திருக்கிறது, வெயிலில் நிறுத்திவிட்டது. மலடு இல்லை.

வசந்தி: ஐயோ, அந்தக் காயைப் பார்க்கவே இல்லை! பறித்ததும் நினைவில்லை.

கவின்: நான்தான் பறித்தேன் 😬

ராமு: சரி, 3 நல்ல மரம். ஆனாலும் இப்போது காய்க்கவில்லை. 2 மட்டும் போதும்.

சுந்தரி: 2 மட்டும் நின்றால் அதுவும் காய்க்காது அண்ணா. அதைத்தான் முதலிலிருந்து சொல்ல வருகிறேன். 2 பெண். அதன் பூவில் மகரந்தம் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும். இப்போது வருவது 1இலிருந்தோ 3இலிருந்தோதான். இரண்டையும் எடுத்துவிட்டால் இருக்கிற காய் பழுக்கும், புதுப் பூ உதிரும். எப்போதாவது விதையில்லாமல் சின்னதாக ஒன்று பிடிக்கலாம், அதை நம்ப முடியாது.

பாலு: அப்போது ஆணை விட்டுவிட்டு 3ஐ எடு. மகரந்தம் கிடைத்துவிடும், மணலுக்கு இடமும் கிடைத்துவிடும்.

வசந்தி: 1 சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை விட்டால் சுவரே கட்ட முடியாது.

சுந்தரி: நான் 1ஐ எடுப்பேன், 3ஐ வைப்பேன். காய் பிடிக்காத காலத்திலும் 3இல் மகரந்தம் இருக்கிறது, 2க்கு அது போதும். வெயில் தணிந்ததும் அதுவே காய்க்கும். இருபால் மரத்துக் காய் நீளமாக, உள்குழி சின்னதாக, சதை தடிமனாக வரும். பெண் மரத்துக் காயில் நடுவில் குழி பெரிது. கவின், 3இன் விரிந்த பூவை விரலில் தட்டிப் பார், மஞ்சள் தூள் ஒட்டுகிறதா?

கவின்: [படம்] ஒட்டுகிறது

சுந்தரி: போதும்.

பாலு: 2இன் பழத்து விதையைப் போட்டால் நல்ல மரமாக வருமா? என் வீட்டில் வைக்க வேண்டும்.

சுந்தரி: இப்போது இருக்கிற பழத்து விதை வேண்டாம். எந்த மரத்து மகரந்தம் சேர்ந்தது என்று தெரியாது. ஆணிலிருந்து வந்திருந்தால் விதையில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும், பூக்கும்வரை உனக்குத் தெரியவும் தெரியாது. 3 மறுபடி காய்க்கட்டும். இருபால் பூவை விரிவதற்கு முன்பே மெல்லிய காகித உறையால் மூடி, தன் மகரந்தத்திலேயே பிடிக்க விடு. அந்த விதையில் ஆண் வராது. மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். குழிக்கு மூன்று நாற்று வைத்து, பூத்த பிறகு இருபாலை மட்டும் நிறுத்தினால் போதும்.

பாலு: வேர் நேராக இருந்தால் ஆண், பிரிந்தால் பெண் என்கிறார்களே? நாற்றிலேயே பிரித்துவிடலாமே.

சுந்தரி: நானும் நாற்றங்காலில் பார்த்துவிட்டேன், பொருந்துவதில்லை. பூதான் சொல்லும்.

கணேசன் மாமா: [படம்] இது என் மாடிப் பூ. கொஞ்சம் மங்கல்.

கவின்: தாத்தா, அடி பருத்திருக்கிறது. மஞ்சள் இல்லை. 2 மாதிரியே இருக்கிறது!

சுந்தரி: சரியாகச் சொன்னாய். மாமா, உங்கள் மரம் பெண், தனியாக நிற்கிறது. சுற்றுவட்டத்தில் வேறு பப்பாளி இல்லையென்றால் பூ கொட்டத்தான் செய்யும். இங்கே வெட்டப் போகிற ஆண் மரத்துப் பூ உங்களுக்கு உதவும். காலையில் அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அந்த மஞ்சள் தூளை உங்கள் விரிந்த பூவின் கொண்டையில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு கொத்தில் நிறையப் பூ இருக்கும், பத்துப் பெண் பூவுக்குப் போதும். தடவிய பூவில் ஒரு நூல் கட்டிவையுங்கள், எது பிடித்தது என்று தெரியும்.

கணேசன் மாமா: அப்படியானால் நான் வரும்வரை ஆண் மரத்தை வெட்ட வேண்டாம். புதன்கிழமை வருகிறேன்.

ராமு: மாமா, கொத்தனார் திங்கள்!

வசந்தி: கொத்தனாரை ஒரு நாள் தள்ளிவரச் சொன்னால் அடுத்த மாதம்தான் வருவார்.

கணேசன் மாமா: உன் அம்மா இருந்திருந்தால் எனக்காக ஒரு வாரமே நிறுத்தியிருப்பாள்.

பாலு: 🙄 ஆரம்பம்

சுந்தரி: கவின் திங்கள் விடியற்காலை இரண்டு கொத்தைப் பறித்து, ஈரத்துணி படாமல் காகிதப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகட்டும். மதியத்துக்குள் தடவிவிட வேண்டும்.

கவின்: திங்கள் எனக்குத் தேர்வு இருக்கிறது பெரியம்மா

ராமு: 3 நிற்கட்டும், சரி. மணலை எங்கே கொட்டுவது? அதை யாராவது சொல்லுங்கள்.

வசந்தி: முன்வாசலில் கொட்டலாம். ஆனால் பாலுவின் கார் அங்கே நிற்கிறது, ஏழு மாதமாக.

பாலு: அதைத் தனியாகப் பேசலாம்.

சுந்தரி: வசந்தி, அதுவரை 3க்கு அடியில் காய்ந்த இலையைப் பரப்பி, துவைக்கிற கல் பக்கம் தினமும் தண்ணீர் விடு. தண்டில் தேங்க விடாதே, அழுகிவிடும்.