கண்ணாடி ஜாடி மணி பிளான்ட்: பச்சையா படியுது, தண்ணி கலங்குது, வேர் கறுக்குது. உதவுங்க

ரேவதி, வேளச்சேரி:
ஒரு லிட்டர் ஊறுகாய் ஜாடியில மணி பிளான்ட் கொடி மூணு துண்டு போட்டு நாலு மாசமாகுது. கிழக்கு ஜன்னல் திட்டுலதான் இருக்கு. மூணு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப கண்ணாடி உள்பக்கம் வழுவழுன்னு பச்சை படியுது. வாரம் ஒரு தடவை தண்ணி மாத்துறேன், மூணாம் நாளே கஞ்சித் தண்ணி மாதிரி ஆயிடுது. ரெண்டு மூணு வேர் கறுத்துப்போச்சு. எங்க தப்பு?

கார்த்தி:
வெளிச்சம்தான் காரணம். வெளிச்சம் இல்லாம பாசி வளராது. ஜாடியைத் தூக்கி பாத்ரூம்ல வைங்க. உள்ள ஒரு செப்புக் காசு போடுங்க, பாசி செத்துடும்.

பழனிச்சாமி, ஈரோடு:
தம்பி, பாதி சரி. வெளிச்சத்தைத் தண்ணிகிட்டருந்துதான் மறைக்கணும், இலைகிட்டருந்து இல்ல. இருட்டு பாத்ரூம்ல வச்சா கொடி நீண்டு வெளுத்துப் போகும். காசும் வேண்டாம். பாசியைக் கொல்ற அளவுக்குச் செம்பு கரைஞ்சா வேருக்கும் ஆகாது.

ரேவதிம்மா, உங்க ஜாடியில இருக்கிறது ரெண்டு தனித்தனி கோளாறு. பச்சை, பாசி. கஞ்சி மாதிரி வெள்ளைக் கலங்கல் பாசி இல்ல, ஏதோ ஒண்ணைத் தின்னு பெருகுற பாக்டீரியா. தண்ணியை மோந்து பாருங்க. கறுத்த வேரை ரெண்டு விரலால மெதுவா உருவிப் பாருங்க. தண்ணியில வேற எதாவது ஊத்துறீங்களா?

சுமதி:
எனக்கும் இதே பிரச்சினை! இலை மஞ்சளாகி உதிருது. தொட்டியில தினமும் தண்ணி ஊத்துறேன்.

பழனிச்சாமி, ஈரோடு:
உங்களது மண்தொட்டி, கதையே வேறம்மா. மேல்மண்ணு ரெண்டு விரக்கடை காஞ்சப்புறம் ஊத்துங்க. மத்ததைத் தனியா கேளுங்க.

ரேவதி, வேளச்சேரி:
லேசா சாக்கடை வாடை வருது. கறுத்த வேரை உருவினா மேல்தோல் கையோட வந்துடுச்சு, உள்ள நூல் மாதிரி ஒண்ணுதான் நின்னுச்சு. அப்புறம், ஒரு மாசமா அரிசி கழுவின தண்ணி அரை டம்ளர் ஊத்துறேன். கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்தி நல்லா துளிர்த்துச்சு, அதான் இதுக்கும்...

பழனிச்சாமி, ஈரோடு:
அதேதான். மண்ணுல இருந்தா அந்த மாவைச் செரிக்க ஆயிரம் உயிர் இருக்கு, காத்தும் புகும். ஜாடியில பாக்டீரியா மாவைத் தின்னுட்டு, தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனையும் காலி பண்ணிடும். வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகினது மறுபடி அதுக்கே தீனி. தோல் உருவிக்கிட்டு வந்த வேர் பிழைக்காது. பழுப்பா இருந்தாலும் விறைப்பா இருக்கிற வேர் நல்ல வேர்தான், அதை விட்டுடுங்க.

சுத்தமான கத்தரியால அழுகினதை நல்ல இடம் வரைக்கும் வெட்டுங்க. தண்ணிக்குள்ள முங்கின இலை, காம்பு எதுவா இருந்தாலும் கிள்ளிடுங்க. மிச்ச வேரைக் குழாயடியில விரலால தேய்ச்சுக் கழுவுங்க. ஜாடியை பிரஷ் போட்டு கழுத்து வரைக்கும் தேய்ங்க. குழாய்த் தண்ணியைப் பாத்திரத்துல பிடிச்சு ராத்திரி முழுக்க திறந்து வச்சு, அதை வேர்ல முக்கால் பங்கு முங்குற அளவுக்கு மட்டும் ஊத்துங்க, மேல் வேர் காத்துல இருக்கட்டும். ஆனா கீழ்க் கணு தண்ணிக்குள்ள இருக்கணும், புது வேர் அங்கருந்துதான் வரும். ஜாடியைச் சுத்தி பழுப்புக் காகிதம் சுத்திடுங்க. முதல் பத்து நாள் மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க, அப்புறம் வாரம் ஒண்ணு போதும்.

கார்த்தி:
அண்ணே, எங்க ஆபீஸ்ல ஒரு பாட்டில் பாசி பிடிச்சு பச்சையாவே ரெண்டு வருஷமா நிக்குது. செடி ஜம்முன்னு இருக்கே?

பழனிச்சாமி, ஈரோடு:
இருக்கும். பாசி வேரைக் கடிக்காது, சத்துக்குத்தான் போட்டி போடும். ஒட்டின பச்சையை விட நாறுற வெள்ளைக்குத்தான் நான் பயப்படுவேன்.

நஸ்ரீன், திருச்சி:
அதை நான் ஒத்துக்க மாட்டேன். பாசி வேர்ல கம்பளி மாதிரி சுத்தி, எனக்கு ஒரு கொடியே போச்சு. இன்னொண்ணு, கழுத்து வரைக்கும் தேய்க்கச் சொன்னாரே, அதை விட்டுடாதீங்க. டெங்கு கொசு தண்ணிமட்டத்துக்கு மேல ஜாடிச் சுவத்துலதான் முட்டையை ஒட்டி வைக்கும், தண்ணியை மட்டும் கொட்டினா போகாது. நான் வாய்ல பஞ்சு அடைச்சு வச்சிருக்கேன்.

ரேவதி, வேளச்சேரி (16 நாள் கழிச்சு):
ஆறு வேர் வெட்டினேன், நாலுதான் மிஞ்சுச்சு. அரிசித் தண்ணியை நிறுத்தி ரெண்டு தடவை மாத்தினதும் வாடை போயிடுச்சு. நேத்து காகிதத்தை விலக்கிப் பார்த்தேன், ஒரு கணுவுல அரிசி முனை மாதிரி வெள்ளையா ரெண்டு வேர் எட்டிப் பார்க்குது. ஒரு கொடி மட்டும் அடி இலை மஞ்சளாயிடுச்சு. இதுக்கு 19:19:19 உரம் போடலாமா?

பழனிச்சாமி, ஈரோடு:
இப்ப வேண்டாம். உரத்தை முதல்ல எடுத்துக்கிறது பாசிதான். அந்த வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் வளரட்டும், அப்புறம் ஒரு லிட்டருக்கு கால் கிராம், மாசம் ஒரு தடவை. மஞ்சள் இலையைக் கிள்ளிடுங்க, தண்ணிக்குள்ள விழுந்துடப் போகுது.