தம்பியின் விபத்து: சொக்சோ அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன வாரம் விடியற்காலை தம்பி இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வரும்போது, வளைவில் இரட்டைக் கோட்டைத் தாண்டி செம்பனை லாரியை முந்திய ஒரு கார் மோதிவிட்டது. கால் எலும்பு முறிந்து இரண்டு மாத எம்.சி. ஒரு பக்கச் செருப்பு இன்னும் அந்தக் கால்வாயில் கிடக்கிறது.

கார்க்காரர், தம்பி விளக்குப் போடவில்லை என்கிறார். அவருடைய இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்க அவர் தவற்றை நாம் நிரூபிக்க வேண்டும், அது இழுக்கும். ஆனால் வேலைக்குப் போய்வரும் வழியில் அடிபட்டால் சொக்சோவில் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. எம்.சி. நாட்களுக்கு தினக்கூலியில் 80 சதவீதம் கிடைக்கும், 1,800 வெள்ளி சம்பளத்துக்கு நாளுக்கு ஏறக்குறைய 47 வெள்ளி. அதை வாங்கினாலும் கார்க்காரர் மீது வழக்குப் போடலாம்.

என் பயம் வேறு. வழக்கமான பாதையை விட்டு விலகினால் மறுத்துவிடுவார்களாம். தம்பி வரும் வழியில், அதே சாலையோரக் கடையில் அம்மாவுக்கு ரொட்டி சானாய் வாங்க ஐந்து நிமிடம் நின்றான். போலீஸ் ரிப்போர்ட்டிலும் அதைச் சொல்லிவிட்டான். இப்படி நின்றவர்களுக்குப் பணம் கிடைத்ததா? பஞ்ச் கார்டு, பாதை வரைபடம் தவிர வேறு என்ன கேட்டார்கள்?

அப்புறம், அன்று அந்த வளைவைக் கடந்த யாரிடமாவது டேஷ்கேம் பதிவு இருந்தால், அழிவதற்குள் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.