ஒரே x, ஒரே y, மூன்று விடை: ∂z/∂x அனுபவங்கள்

தாரணி
முதலாம் ஆண்டு விடைத்தாள் திருத்தும்போது பார்த்ததை எழுதுகிறேன். z³ − xz + y = 0 என்ற சமன்பாடு. x = 7, y = 6 என்ற இடத்தில் ∂z/∂x காண வேண்டும். ஒரு மாணவர் −1/4 என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 2/5, மூன்றாமவர் −3/20. விடைக்குறிப்பில் 2/5 மட்டும்தான் இருந்தது. ஆனால் மூன்றுமே சரி.

செய்முறை எல்லாருக்கும் ஒன்றுதான். y-ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு, z என்பது x-ஐப் பொறுத்து மாறும் என்று வைத்து, சமன்பாடு முழுவதையும் x-ஆல் வகையிட வேண்டும். z³ தருவது 3z²·∂z/∂x. xz-க்குப் பெருக்கல் விதி: z + x·∂z/∂x. y மாறிலி, அதனால் பூச்சியம்.

3z²·∂z/∂x − z − x·∂z/∂x = 0
∂z/∂x = z / (3z² − x)

விடையிலேயே z நிற்கிறது, பாருங்கள். x = 7, y = 6 போட்டால் z³ − 7z + 6 = 0. இதற்கு 1, 2, −3 என மூன்று தீர்வுகள். எந்த z என்று கேள்வியில் சொல்லவே இல்லை. மூவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

செந்தில்
இவ்வளவு சுற்ற வேண்டாமே. F = z³ − xz + y என்று வைத்து −F_x/F_z போட்டால் ஒரே வரியில் முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான். F_x எடுக்கும்போது z-க்கு சங்கிலி விதி போட மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தாரணி
சூத்திரம் சரி, கடைசி வரி சரியில்லை செந்தில். F_x எடுக்கும்போது x, y, z மூன்றும் ஒன்றையொன்று சாராத மாறிகள். F_x = −z, F_z = 3z² − x, அதனால் விடை z/(3z² − x). z மாறுவதன் கணக்கு ஏற்கெனவே F_z வழியாக உள்ளே வந்துவிட்டது. F_x-இலும் சங்கிலி விதி போட்டால் அதையே இரண்டு முறை எண்ணியதாகும். விடையின் வலப்பக்கத்தில் ∂z/∂x மிச்சம் நின்றால், இரண்டு வழியையும் கலந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மாலதி
எனக்கு ஒன்று புரியவில்லை. y-க்கு ஏன் பூச்சியம்? பள்ளியில் x² + y² = 25 செய்தபோது y-ஐ வகையிட்டால் dy/dx வருமே. இங்கேயும் அது வர வேண்டாமா?

தாரணி
அங்கே இரண்டு மாறி, ஒரு சமன்பாடு. x-ஐ நகர்த்தினால் y நகர்ந்தே ஆக வேண்டும். இங்கே மூன்று மாறி, ஒரு சமன்பாடு. இரண்டை நம் விருப்பப்படி வைக்கலாம், மூன்றாவதுதான் கட்டுப்படும். ∂z/∂x என்று எழுதும்போதே y-ஐ நகர்த்தாமல் x-ஐ மட்டும் நகர்த்துகிறோம் என்று சொல்லிவிடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் எண் போட்டுப் பார்க்கலாம். y = 6 அப்படியே இருக்கட்டும், x-ஐ 7.01 ஆக்குங்கள். z = 2-இலிருந்து கிளம்பினால் 2/5 × 0.01, அதாவது 0.004 கூட வேண்டும். z = 2.004 போட்டால் இடப்பக்கம் 0.00006 அளவுக்குத்தான் வருகிறது. அப்புறம் −3-இலிருந்து கிளம்பியும் பாருங்கள், அங்கே z குறையும்.

இளங்கோ
நான் வேதிப்பொறியியல். எங்களுக்கு வான் டெர் வால்ஸ் சமன்பாட்டில் இதே வேலைதான்: (P + a/V²)(V − b) = RT. அழுத்தம் மாறாமல் வெப்பநிலையோடு பருமன் எப்படி மாறுகிறது என்று வேண்டும். V-ஐத் தனியாகப் பிரிக்கப் போனால் முப்படிச் சமன்பாடு, கை வலிக்கும். உட்படு முறையில் சில வரிகளில் வந்துவிடும். ஆனால் மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க ∂V/∂T எக்கச்சக்கமாகப் பெருகும். அங்கே ∂P/∂V பூச்சியமாகிறது, வகுக்க வேண்டியதும் அதுதான்.

தாரணி
இளங்கோ சொன்னதுதான் என் சமன்பாட்டிலும் நடக்கிறது. x = 3, y = 2, z = 1 சமன்பாட்டுக்குப் பொருந்தும். அங்கே 3z² − x = 0. y = 2 என்றே வைத்துக்கொண்டு x-ஐ 3-க்குச் சற்றுக் கீழே கொண்டுபோனால், 1-க்குப் பக்கத்தில் z-க்கு மெய்யெண் தீர்வே கிடையாது. சற்று மேலே போனால் இரண்டு கிடைக்கும். z-ஐ x, y-இன் சார்பாக எழுதவே முடியாத இடம் அது, வகைக்கெழு எங்கிருந்து வரும்? அதே x, y-க்கு z = −2 என்ற இன்னொரு தீர்வும் உண்டு. அங்கே எந்தச் சிக்கலும் இல்லை, விடை −2/9.

செந்தில்
சரி, F_x பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் x = y = z = 0 போட்டால் 0/0 வருகிறதே. y = 0 என்றால் z(z² − x) = 0. z = 0 எல்லா x-க்கும் பொருந்துகிறது. அப்படியானால் அங்கே ∂z/∂x = 0 என்று எழுதலாம்தானே?

இளங்கோ
எழுதக்கூடாது என்பேன். x = 0 என்று வைத்தால் z = −∛y, அது அந்த இடத்தில் செங்குத்தாக நிற்கிறது.

செந்தில்
அது ∂z/∂y-இன் பிரச்சினை. நான் கேட்டது ∂z/∂x.

தாரணி
x எதிர்மமாக இருக்கும்வரை z ஒன்றே ஒன்றுதான், அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் செந்தில் சொல்வது நிற்கும். x நேர்மமானதும் y = 0-இல் z மூன்றாகப் பிரிகிறது: 0, √x, −√x. அதில் 0-ஐத்தான் எடுக்க வேண்டும் என்று சமன்பாடு எங்கேயும் சொல்லவில்லை. நாமே தேர்ந்தெடுத்த கிளையின் வகைக்கெழுவை இந்தச் சமன்பாட்டின் விடை என்று எழுதலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.