புதுப்பிப்பு: வங்கி ரிலேஷன்ஷிப் மேனேஜர் ரெஸ்யூமில் டெபாசிட் தொகை

முன்பு நான் கேட்டது: “நான் கவனிக்கும் வாடிக்கையாளர்களின் மொத்த டெபாசிட் 52 கோடி என்று மட்டும் ரெஸ்யூமில் போட்டால் போதுமா?”

போதாது. கிளை மேலாளராக இருந்த ஒருவர் இங்கே சொன்னபடி பிரித்து எழுதினேன்: பொறுப்பேற்றபோது 40 கோடி, வேலையை விட்டுப்போன சகாவின் வாடிக்கையாளர்கள் வழியாக 7, நானே சேர்த்தது 5. நேர்காணலில் முதல் கேள்வியே அந்த 5 கோடியில் சேமிப்பு, நடப்புக் கணக்கில் எவ்வளவு என்பதுதான். 2 கோடி, மீதி ஃபிக்சட் டெபாசிட் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

கடனுக்கு அனுமதியான தொகையைப் போடச் சொல்லி இங்கே ஒருவர் எழுதியது பாதி சரி. அதில் உண்மையில் வழங்கிய தொகையையும் நேர்காணலில் கேட்டார்கள். காப்பீட்டு விற்பனை இலக்கில் 110 சதவீதம் என்ற வரியை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த 7 கோடி. கைவிட்டுப் போகாமல் காத்ததும் உழைப்புதானே? அதை என் சாதனையாகக் காட்டலாமா என்பதில் இங்கே இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் அதைத் தனி வரியாகவே வைத்திருக்கிறேன்.